கடையில் இன்டர்நெட் நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை நடத்தும் அண்ணாச்சி ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக என்னைக் கூப்பிட்டனுப்பியபோது மாலை ஏழு மணி இருக்கும். கடையில் கூட்டம் நிற்கும் நேரம் அது. பிற்பகலில் ஒரு மணி நேரம் கரண்ட் போயிருந்தது. திரும்பி வந்ததிலிருந்து பில் போடும் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வரவில்லை, பில் பிரிண்டரும் அச்சடிக்கவில்லை. கடைப் பையன் கால்குலேட்டரில் கூட்டித் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, லைன் குடுத்தவங்களுக்குப் போன் போட்டா, எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்றாங்க. என் போன்ல வைஃபை நல்லா வருது. கம்ப்யூட்டர்ல மட்டும் வரல. அப்ப கம்ப்யூட்டர்தான் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

லைன் கொடுத்தவர்கள் சொன்னது உண்மை. கம்ப்யூட்டரும் கெட்டுப்போகவில்லை. கோளாறு இரண்டுக்கும் நடுவே வேறோர் இடத்தில் இருந்தது. ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக நெட்வொர்க் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் அன்று அதைக் கண்டுபிடித்தேன் என்பதைவிட, அண்ணாச்சியே அதைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதற்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை அட்ரஸ், ரவுட்டர், கேட்வே என்ற மூன்று சொற்களின் பொருள் மட்டுமே. அன்று கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி அவருக்குச் சொன்னதை, அதே நிலையில் தவிக்கும் மற்றக் கடைக்காரர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சோதனையைத் தொடங்கும் முன், கடையில் எது எந்த வழியாக வெளியே போகிறது என்பதைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் அனுப்புவது அவருடைய போனின் டேட்டாவில் நடக்கிறது. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்குள் தனி சிம் இருக்கிறது. ஆகவே அந்தப் பெட்டி பேசிக்கொண்டிருப்பதை வைத்துக் கடையின் இன்டர்நெட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. போனும் அப்படித்தான்: வைஃபையில் நெட் இல்லையென்றால் பல போன்கள் ஓசையில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். போனை வைத்துச் சோதிப்பதானால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டு ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அண்ணாச்சியின் போனில் அப்படிச் செய்து பார்த்தபோதும் நெட் வந்தது. ஆக, வெளியிலிருந்து வரும் லைன் உயிரோடு இருக்கிறது என்பது அந்த அரை நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

அடுத்துக் கம்ப்யூட்டரிடம் அதன் அட்ரஸைக் கேட்டேன். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி cmd என்று தட்டி என்டரை அழுத்தினால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் இப்படித் தட்டி மறுபடி என்டரை அழுத்த வேண்டும்:

```
ipconfig
```

திரையில் நிறைய வரிகள் ஓடும். அவற்றில் கேபிள் செருகியிருக்கும் பகுதியில் மூன்று வரிகள் மட்டும் நமக்கு வேண்டியவை. அன்று அவை இப்படி இருந்தன:

```
IPv4 Address. . . . . : 192.168.0.100
Subnet Mask . . . . . : 255.255.255.0
Default Gateway . . . : 192.168.0.1
```

பிறகு அண்ணாச்சியின் போனில், செட்டிங்ஸுக்குள் வைஃபைக்குப் போய், இணைந்திருக்கும் வைஃபையின் பெயரைத் தொட்டு விவரத்தைத் திறந்தேன். அதில் அட்ரஸ் 192.168.1.104 என்றும் கேட்வே 192.168.1.1 என்றும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "என்ன வித்தியாசம் தெரியுது அண்ணாச்சி?" என்று கேட்டேன். தினமும் நூறு பில்லில் எண்களைச் சரிபார்க்கும் கண் அல்லவா அது! "மூணாவது நம்பர் மாறுதே. இதுல பூஜ்யம், அதுல ஒண்ணு" என்று உடனே சொல்லிவிட்டார். கோளாறு முழுவதும் அந்த ஓர் எண்ணுக்குள்தான் இருந்தது.

அட்ரஸ் என்பது கடையின் நெட்வொர்க்குக்குள் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் வீட்டு விலாசம். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்களாக அது எழுதப்படுகிறது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இரண்டாவது வரியில் இருக்கும் 255.255.255.0 என்பது, இந்த நான்கில் எதுவரை தெருப் பெயர், எது கதவு எண் என்பதைச் சொல்கிறது. 255 இருக்கும் மூன்று இடமும் தெரு. 0 இருக்கும் கடைசி இடம் கதவு எண். அப்படியானால் 192.168.1 ஒரு தெரு, 192.168.0 வேறொரு தெரு. போன் ஒரு தெருவில் 104ஆம் எண் வீட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டரோ அடுத்த தெருவில் 100ஆம் எண் வீட்டில் இருக்கிறது. ஒரே கடை, ஒரே லைன், ஆனால் இரண்டு தெரு. இப்படி இருக்கக் கூடாது.

192.168 என்று தொடங்கும் அட்ரஸ்கள் வீட்டுக்கும் கடைக்கும் உள்ளே புழங்குவதற்காகவே 1994 முதல் ஒதுக்கி வைக்கப்பட்டவை. அதனால்தான் உங்கள் கடையிலும் எதிர்த்த மெடிக்கலிலும் ஒரே 192.168.1.1 இருந்தாலும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. உள்ளே எத்தனை கருவிகள் இருந்தாலும், வெளியுலகுக்குப் போகும்போது அவையெல்லாம் லைன் கொடுத்தவர்கள் தந்திருக்கும் வேறோர் அட்ரஸின் பெயரில்தான் போகின்றன. கடையில் ஐந்து பேர் வேலை செய்தாலும் பில்லில் ஒரே ஜிஎஸ்டி எண் போகிறதே, அதைப் போல. அந்த ஒரே அட்ரஸுக்கு வந்து சேரும் பதிலை உள்ளே இருக்கும் சரியான கருவியிடம் சேர்ப்பது யார் என்ற கேள்வி வரும்போதுதான் ரவுட்டர் வருகிறது.

சுவரில் மாட்டியிருக்கும், விளக்குகள் மினுக்கும் பெட்டியை எல்லாரும் மோடம் என்றோ வைஃபை பெட்டி என்றோ சொல்கிறோம். இப்போது ஃபைபர் லைன் கொடுப்பவர்கள் மாட்டும் பெட்டிக்குள் உண்மையில் மூன்று நான்கு வேலைக்காரர்கள் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றுபவர் ஒருவர். வைஃபை அலையைப் பரப்புபவர் ஒருவர். உள்ளே இருக்கும் தெருவுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் நின்று, எது எங்கே போக வேண்டும் என்று பார்த்து அனுப்பி, வந்த பதிலை உரியவரிடம் சேர்ப்பவர் ஒருவர், இவர்தான் ரவுட்டர். புதிதாக வரும் கருவிகளுக்கு அட்ரஸ் எழுதிக் கொடுப்பவர் இன்னொருவர். பெட்டி ஒன்றாக இருப்பதால் ஒரே ஆள் என்று நினைக்கிறோம். ஆனால் இவர்களில் ஒருவர் வேலையை நிறுத்தியும் மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்க முடியும். வைஃபை குறி முழுதாகக் காட்டியும் நெட் வராமல் போவது இதனால்தான். போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள அலை நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் குறிக்கு அர்த்தமே இல்லை.

இனி கேட்வே. அண்ணாச்சிக்கு இதை விளக்கத்தான் சற்று நேரம் பிடித்தது, ஏனென்றால் ரவுட்டருக்கும் கேட்வேக்கும் ஒரே பெட்டியைத்தான் காட்டுகிறோம். ரவுட்டர் என்பது ஓர் ஆள். கேட்வே என்பது, "உன் தெருவுக்கு வெளியே போக வேண்டியது எதுவானாலும் இவரிடம் கொடு" என்று ஒவ்வொரு கருவியும் தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கும் பெயர். பில் போடும் கம்ப்யூட்டர் எதையாவது அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறது: போக வேண்டிய அட்ரஸ் என் தெருவில் இருக்கிறதா? இருந்தால் நேராகக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. இல்லையென்றால், குறிப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்த ஆளுக்கு வெளியே போக வழி இருக்கிறதா, அவர் சரியான ஆள்தானா என்று கம்ப்யூட்டர் விசாரிப்பதில்லை. குறிப்பில் தவறான பெயர் இருந்தால், கம்ப்யூட்டர் தவறான ஆளிடமே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

அன்று நடந்தது அதுதான். போனின் குறிப்பில் 192.168.1.1 இருந்தது, அது லைன் பெட்டி, வெளியே போக வழி உள்ள ஆள். கம்ப்யூட்டரின் குறிப்பில் 192.168.0.1 இருந்தது. அந்த அட்ரஸில் இருப்பவர் யார்? அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கூப்பிட்டுப் பார்க்கலாம். அதற்குப் பெயர் பிங்:

```
ping 192.168.0.1
ping 8.8.8.8
```

முதல் கூப்பாட்டுக்கு உடனே பதில் வந்தது; ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. ஆக, அந்த ஆள் கடைக்குள்ளேயே கேபிளில் தொடர்பில் இருக்கிறார். இரண்டாவதாகக் கூப்பிட்ட 8.8.8.8 என்பது கூகுள் 2009 முதல் பொதுவில் வைத்திருக்கும் ஒரு சர்வர். எண் நினைவில் நிற்பதால், வெளியுலகம் எட்டுகிறதா என்று பார்க்க அதைத்தான் பலரும் கூப்பிடுவது வழக்கம். அதற்குத் திரையில் வந்த பதில் இது:

```
Reply from 192.168.0.1: Destination net unreachable.
```

இந்த வரியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். தொடக்கத்தில் Reply என்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நெட் வருகிறது என்று நினைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரிடமிருந்து பதில் வந்தது என்று பாருங்கள். நாம் கூப்பிட்டது 8.8.8.8, பதில் சொன்னது 192.168.0.1. "நீ சொன்ன இடத்துக்குப் போக எனக்கு வழி இல்லை" என்று நம் கேட்வேயே கைவிரிக்கிறது. இன்னும் மோசம், விண்டோஸ் இந்தப் பதிலையும் 'வந்து சேர்ந்தது' கணக்கில் வைத்து, கடைசி வரியில் 0% loss என்று காட்டிவிடும். அந்தச் சதவீதத்தை நம்பாமல், ஒவ்வொரு வரியிலும் பதில் சொன்னவரின் எண்ணைப் பார்ப்பதே சரி.

பிரிண்டர் ஏன் நின்றது என்பதும் இதோடு விளங்கிவிட்டது. பில் பிரிண்டர் கேபிள் வழியாக நெட்வொர்க்கில் இருக்கிறது, அதற்கு 192.168.1.50 என்று மாறாத எண்ணை முன்பே போட்டு வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டதால், கைக்கெட்டும் தூரத்தில் மேசை மேல் இருக்கும் பிரிண்டரை 'வெளியூர்' என்று கருதி, அதற்குப் போக வேண்டியதையும் அந்தத் தவறான கேட்வேயிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்டர்நெட்டும் நெட்வொர்க் பிரிண்டரும் சேர்ந்து நின்றால் கோளாறு பெரும்பாலும் கடைக்குள்ளே இருக்கிறது என்று சந்தேகப்படலாம். லைன் அறுந்திருந்தால் பிரிண்டருக்கு அது தெரியவே தெரியாது. அது தன் பாட்டுக்கு அச்சடித்துக்கொண்டிருக்கும்.

"அந்த 0.1 யாரு தம்பி? நம்ம கடையில ஒரு பெட்டிதானே இருக்கு" என்றார் அண்ணாச்சி. கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பும் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். அது கல்லாவுக்குக் கீழே இருந்த, நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் சிறிய சுவிட்ச் பெட்டிக்குப் போனது. அந்தச் சுவிட்சிலிருந்து லைன் பெட்டிக்கு ஒரு கேபிள், பிரிண்டருக்கு ஒன்று. இன்னொன்று சுவரோரமாக ஓடிப் பின்னால் உள்ள குடோனுக்குள் நுழைந்தது. குடோனில் அரிசி மூட்டைகளுக்கு மேலே, பலகையில், இரண்டு ஆன்டெனாவோடு ஒரு பழைய வைஃபை ரவுட்டர் தூசி படிந்து மினுக்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதங்களுக்கு முன் கேமரா மாட்ட வந்தவர், குடோனுக்குள் வைஃபை எட்டவில்லை என்பதற்காகத் தம்மிடம் இருந்த பழையதை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அண்ணாச்சிக்கு அது கேமராவின் பெட்டி. இன்டர்நெட் பெட்டி என்றே அவர் நினைத்திருக்கவில்லை.

அந்தப் பழைய ரவுட்டர் வைஃபையைப் பரப்பியதில் தவறில்லை. ஆனால் அதற்குள்ளும் அட்ரஸ் எழுதிக் கொடுக்கும் வேலைக்காரர் இருக்கிறார், அவரை யாரும் நிறுத்தவில்லை. ஒரு கருவி நெட்வொர்க்கில் புதிதாக நுழையும்போது, "எனக்கு யாராவது அட்ரஸ் கொடுங்கள்" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுக்கிறது. அட்ரஸ் கொடுப்பவர் எண்ணையும், தெரு எதுவரை என்பதையும், கேட்வே யார் என்பதையும் சேர்த்துக் கொடுக்கிறார். அது சொந்தமாகக் கொடுப்பதல்ல, வாடகைக்குக் கொடுப்பது; ஒரு நாள் என்றோ சில மணி நேரம் என்றோ கெடு உண்டு. குரல் கேட்டு இரண்டு பேர் பதில் சொன்னால், கருவி பெரும்பாலும் முதலில் சொன்னவர் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். குடோன் ரவுட்டர் தன் தெருவான 192.168.0 எண்ணைக் கொடுத்து, "கேட்வே நான்தான்" என்றும் சொல்லிவிடுகிறது. அதன் முதுகில் வெளி லைன் எதுவும் செருகப்படவில்லை என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

அப்படியானால் மூன்று மாதமாக ஏன் ஒழுங்காக ஓடியது, கரண்ட் போய் வந்தால் மட்டும் ஏன் கெடுகிறது? காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போடும்போது, அது முந்தைய நாள் வைத்திருந்த எண்ணைச் சொல்லி "இதையே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறது. லைன் பெட்டி இரவெல்லாம் விழித்திருப்பதால் "வைத்துக்கொள்" என்று உடனே சொல்லிவிடுகிறது. கரண்ட் போய்த் திரும்பும்போது மூன்றும் ஒரே நேரத்தில் எழுகின்றன. குடோன் ரவுட்டர் சின்னது. நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிட்டது. லைன் பெட்டியோ தானும் எழுந்து, வெளியே இருக்கும் கம்பெனியின் கருவியோடும் ஒளியில் பேசிப் பதிவு செய்து முடிக்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது. இடையில் எழுந்த கம்ப்யூட்டர் பழைய எண்ணைக் கேட்டது, சொல்ல ஆளில்லை. புது எண் வேண்டும் என்று குரல் கொடுத்தது, குடோன் பெட்டி கொடுத்துவிட்டது. அதன் பிறகு லைன் பெட்டி எழுந்தாலும் கம்ப்யூட்டர் தானாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. வாடகைக் கெடு இருக்கிறதே. அண்ணாச்சி போனோடு வெளியே போய்விட்டுத் தாமதமாகத் திரும்பியவர் என்பதாலும், லைன் பெட்டியின் வைஃபையில் சேர்ந்தபோது அது விழித்திருந்ததாலும் போன் தப்பித்தது. கேமராவுக்கு அதை மாட்டியவர் மாறாத எண்ணாகக் கையால் போட்டிருந்ததால் அதுவும் தப்பித்தது; வேலை சரியாக இருக்கிறது என்று அவரும் போய்விட்டார்.

முந்தைய இரண்டு முறையும் நான் வந்து எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன், நெட் வந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன். எண்ணைப் பார்க்காமல் போனது என் தவறு. அணைத்துப் போடும்போது எந்தப் பெட்டி முந்துகிறது என்பதைப் பொறுத்துச் சரியாகவும் செய்யும், சரியாகாமலும் போகும். அதனால்தான் இப்படிப்பட்ட கோளாறு ஆளை அலைக்கழிக்கிறது.

சரிசெய்ய இருபது நிமிடம் ஆனது. கம்ப்யூட்டர் அப்போது குடோன் பெட்டியின் தெருவிலேயே இருந்ததால், பிரவுசரில் 192.168.0.1 என்று தட்டியவுடன் அதன் செட்டிங்ஸ் பக்கம் திறந்தது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டு வேலை செய்தது. அதில் `DHCP Server` என்று இருந்ததை நிறுத்தினேன். அட்ரஸ் கொடுக்கும் வேலைக்காரருக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும் பெயர் அதுதான். அதைச் சேமித்த பிறகு அந்த ரவுட்டரின் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மாற்றினேன். இந்த வரிசை முக்கியம். எண்ணை முதலில் மாற்றிவிட்டால் நாம் வேறு தெருவில் நின்றுகொண்டு அதன் பக்கத்தைத் திறக்க முடியாமல் தவிக்க நேரிடும். லைன் பெட்டியிலும் ஒன்று பார்த்தேன்: அது 100 முதல் 200 வரையுள்ள கதவு எண்களைத்தான் வாடகைக்குக் கொடுக்கிறது. ஆகவே குடோன் ரவுட்டருக்குக் கொடுத்த 2ஆம் எண்ணையும் பிரிண்டரின் 50ஆம் எண்ணையும் அது தவறிப்போய் வேறு யாருக்கும் கொடுத்துவிடாது. இந்தச் சோதனையை விட்டுவிட்டால், என்றைக்காவது ஒருநாள் இரண்டு கருவிகளுக்கு ஒரே விலாசம் வந்து, விட்டு விட்டு வரும் இன்னொரு கோளாறு தொடங்கும்.

பிறகு கம்ப்யூட்டரில் இந்த இரண்டு வரிகள்:

```
ipconfig /release
ipconfig /renew
```

முதல் வரி வாடகைக்கு வாங்கிய எண்ணைத் திருப்பிக் கொடுக்கிறது. இரண்டாவது புதிதாகக் கேட்கிறது. 192.168.1.105 வந்தது, கேட்வே 192.168.1.1 வந்தது. தேங்கிக் கிடந்த பில்கள் பிரிண்டரிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரத் தொடங்கின. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு மூன்று முறை சோதித்த பிறகே நான் கிளம்பினேன்.

குடோன் ரவுட்டர் எல்லாக் கடையிலும் இருக்காது. மற்ற கோளாறுகளும் இதே எண்களில்தான் தங்களைக் காட்டிக்கொள்ளும். அட்ரஸ் 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் குரல் கொடுத்தும் யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் தனக்குத் தானே ஒரு விலாசம் எழுதிக்கொண்டது என்று பொருள். கேட்வே வரி வெறுமையாக இருக்கும். சுவிட்சிலிருந்து லைன் பெட்டிக்குப் போகும் கேபிள் கழன்றிருக்கும், அல்லது லைன் பெட்டியே திகைத்து நிற்கும். எலி கடித்த கேபிளை மளிகைக் கடையில் நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இதற்கு லைன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுப் பயனில்லை. அட்ரஸும் கேட்வேயும் சரியாக இருந்து, கேட்வே பிங்குக்குப் பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் பதில் சொல்லாவிட்டால் கடைக்குள் எல்லாம் சரி; லைன் பக்கம் பார்க்க வேண்டும். அப்போது பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக இருந்தால் கண்ணாடி இழையில் ஒளியே வந்து சேரவில்லை. எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. அந்த விளக்கு அணைந்திருந்தும் நெட் இல்லையென்றால், இழை நன்றாக இருக்கிறது, கம்பெனியின் கணக்கிலோ அவர்களுடைய கருவியிலோ தடை இருக்கிறது. மாதப் பணம் கட்டியாயிற்றா என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். 8.8.8.8 பதில் சொல்லியும் எந்தப் பக்கமும் திறக்காவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை நின்றிருக்கிறது. அப்போது லைன் பெட்டியை அணைத்துப் போட்டாலே பல முறை சரியாகிவிடும்.

அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு இருக்கும் சிறு துளைக்குள் அழுத்தினால், அதற்குள் லைன் கொடுத்தவர்கள் எழுதி வைத்திருக்கும் பயனர் பெயர், பாஸ்வேர்டு உட்பட அனைத்தும் அழிந்துபோகலாம். பிறகு அவர்கள் ஆள் வந்து திரும்ப எழுதும்வரை கடைக்கு நெட் இல்லை. நெட் நின்ற பதற்றத்தில் யாரோ சொன்னார்கள் என்று அந்தத் துளையில் குண்டூசியை நுழைத்தவர்கள் உண்டு. அதைத் தொடவே வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் அழுத்திச் சொன்னேன்.

நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரின் அட்ரஸ், கேட்வே, பிரிண்டரின் எண் மூன்றையும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டச் சொன்னேன். கோளாறு வந்த பிறகு எது சரியான எண் என்று தேட முடியாது; அன்று சரியாக ஓடிக்கொண்டிருந்த போன் கையில் இருந்ததால்தான் எனக்கு ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைத்தது. அண்ணாச்சி அதை நாட்காட்டி அட்டையின் பின்பக்கத்தில் எழுதி, சாமி படத்துக்குக் கீழே ஒட்டினார்.

இரண்டு வாரம் கழித்து, வடிகாலுக்காகத் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, நெட் இல்ல. அட்டையில இருக்கிற நம்பர்தான் வருது. 1.1 பதில் சொல்லுது, எட்டு எட்டு சொல்லல. பிரிண்டர் ஓடுது. பெட்டியில சிவப்பு லைட்டு எரியுது. லைன்காரங்ககிட்ட இதையே சொல்லிட்டேன், ஆள் அனுப்புறாங்களாம். நீ வர வேண்டாம்" என்றார்.